இரண்டு முதல் நான்கு வரை

பாறசாலை ஜங்ஷனைத் தாண்டி குன்னத்துகால் ரோட்டில் நடந்துகொண்டிருந்தேன். மழை வருவதற்கு முந்தைய புழுக்கம். தோளில் ஒரு துணிப்பை, அதற்குள் ஒரு லுங்கி, ஒரு சட்டை, சோப்புப் பெட்டி. ஆபீஸ் சைக்கிளை மாடிப்படிக்குக் கீழே பூட்டி, சாவியை டீச்சரின் மேஜைமேல் வைத்துவிட்டு இறங்கியிருந்தேன். எங்கே போகிறேன் என்று தெளிவாக ஒன்றும் இல்லை. அந்த ரோடு கிழக்கே போகிறது, நானும் போனேன்.

அதற்குமுன் பல வேலைகள் பார்த்தவன் நான். நாகர்கோவிலில் ஓட்டலில் தண்ணீர் எடுத்து ஊற்றினேன். ரப்பர் பால் சுமந்தேன், லாரியில் கிளீனராகப் போனேன். பள்ளிக்கூடம் பாதி தமிழில், பாதி மலையாளத்தில், ஏழாம் வகுப்போடு நின்றது. எந்த வேலையையும் விட்டு வரும்போது பெரிதாக மனம் நொந்ததில்லை. இந்த ஒன்றை விட்டு வந்தபோதுதான் கால் கனத்தது.

தொண்ணூறுகளின் கடைசி. பாறசாலையில் ஒரு மருந்துக்கடைக்கு மேலே மாடியில் அந்த ஆபீஸ் இருந்தது. அமெரிக்காவில் டாக்டர்கள் நோயாளியைப் பார்த்துவிட்டு, என்ன நோய், என்ன மருந்து என்று டேப்பில் பேசி வைப்பார்கள். அது எப்படியோ திருவனந்தபுரம் வந்து, கேசட்டாகி, காலை ரயிலில் எங்களிடம் வரும். பெண்பிள்ளைகள் காதில் ஹெட்போன் மாட்டி, காலால் ஒரு பெடலை மிதித்து டேப்பை நிறுத்தியும் ஓட்டியும் கேட்டு, கம்ப்யூட்டரில் டைப் அடிப்பார்கள். அடித்ததைப் பிளாப்பி டிஸ்க்கில் ஏற்றி சாயங்காலப் பாசஞ்சர் ரயிலில் திருப்பி அனுப்ப வேண்டும். ரயிலைத் தவறவிட்டால் அன்றைய வேலை முழுக்க வீண்.

ஆபீசில் இடம் போதாமல், சில பேருக்கு கம்ப்யூட்டரும் பெடலுமாக மெஷினை வீட்டுக்கே கொடுத்திருந்தார்கள். காலையில் அந்த வீடுகளுக்குக் கேசட்டைக் கொண்டு கொடுப்பதும், முந்தைய நாள் அடித்த பிளாப்பியை வாங்கி வருவதும் என் வேலை. டீச்சர் அந்தப் பிளாப்பிகளைப் போட்டுப் பார்த்துச் சரிபார்ப்பார். சில பிளாப்பி திறக்காது. சில இடத்தில் ஒரு பத்தியே விட்டுப்போயிருக்கும். அப்போது அந்த வீட்டுக்குப் போன் பண்ணிச் சொல்லி, நான் ஓடிப் போய்த் திருத்தினதை வாங்கி வரவேண்டும். எல்லாம் ரயிலுக்கு முன்னால்.

டீச்சர் என்று எல்லாரும் கூப்பிட்ட அந்த அம்மாள் நெய்யாற்றின்கரைக்காரி. அப்பா தாத்தா எல்லாம் அரசாங்கத்தில் குமாஸ்தா வேலை பார்த்த பிள்ளைமார் வீடு. முன்பு டைப்ரைட்டிங் சொல்லிக் கொடுத்தவர் என்பதால் அந்தப் பெயர் நின்றுவிட்டது. சிரிப்பு குறைவு. யாரையும் குறைத்துப் பேசினதும் இல்லை.

வீட்டில் வேலை செய்தவர்களில் ஒரு அக்கா எல்லைக்கு அந்தப் பக்கம் இருந்தாள். எல்லை என்றால் மதிலோ கம்பியோ இல்லை, ஒரு மண்பாதை. பாதையின் மேற்கே கேரளம், கிழக்கே தமிழ்நாடு. மேற்கே கரண்ட் போகும்போது கிழக்கே லைட் எரியும். அக்காளுடைய புருஷன் கட்டட வேலையில் சாரத்திலிருந்து விழுந்து, இடுப்புக்குக் கீழே உணர்வில்லாமல் கிடந்தார். கொஞ்ச நேரத்துக்கு ஒருமுறை அவரைப் புரட்டிப் படுக்க வைக்க வேண்டும். ஒருதரம் அதில் அசந்துபோய் முதுகில் புண் வந்து, மெடிக்கல் காலேஜில் கிடத்த வேண்டியதாயிற்று. அவர் விழுவதற்கு முன்னால் அவள் ஆபீசில் இருந்து வேலை செய்தவள், நல்ல கை. அந்த விபத்துக்குப் பிறகு டீச்சர்தான் மெஷினை அவள் வீட்டுக்கு அனுப்பினார்.

ஒரே அறை வீடு. மெஷினும் கட்டிலும் எதிரெதிரே. நான் கேசட்டோடு போய் நிற்கும்போது அவர் படுத்தபடியே பேச்சுக் கொடுப்பார்.

"எலே மக்கா, அமெரிக்கக்காரனுக்கு முதுகு வலிச்சா என் பெண்டாட்டி எழுதணும். எனக்கு வலிச்சா எவன் எழுதுவான்?"

"உங்களுக்கு வலிக்காதே, அதாக்கும் காரியம்," என்பாள் அக்கா, மெஷினிலிருந்து திரும்பாமல். அந்த வீட்டில் அப்படித்தான் பேசிக்கொள்வார்கள்.

அவளிடம் போன் இல்லை. டெலிபோன் ஆபீசில் கேட்டு எழுதிப் போட்டால் வருஷக்கணக்கில் காத்திருக்க வேண்டும். யாராவது பக்கத்தில் வாங்கியிருந்தாலும் தமிழ்நாட்டு நம்பருக்கு எஸ்.டி.டி. கோடு போட வேண்டும், ஆபீஸ் போனில் முதலாளி எஸ்.டி.டி.யைப் பூட்டி வைத்திருந்தார். ஆகவே அவள் அடித்ததில் ஏதாவது கோளாறு என்றால் டீச்சர் ஒரு துண்டுக் காகிதத்தில் எழுதித் தருவார், நான் சைக்கிளில் போய் வருவேன். அதற்கென்று எந்த ரூல்சும் இல்லை. நடந்துகொண்டிருந்தது, அவ்வளவுதான்.

ரூல்ஸ் என்று ஒரு தாள் உண்டு. அதில் இருந்தது கொஞ்சந்தான். திறமையும் நம்பிக்கையும் உள்ளவர்களுக்கு முதலாளியின் விருப்பப்படி வீட்டிலிருந்து வேலை செய்ய அனுமதி, அவர்கள் தேவையான நேரங்களில் போனில் கிடைக்க வேண்டும், வேலையை உரிய நேரத்தில் முடிக்க வேண்டும். தேவையான நேரம் எது, உரிய நேரம் எது, யார் திறமை உள்ளவர், எதற்கும் பதில் இல்லை.

முதலாளியின் அண்ணன் மருமகள் கல்யாணம் ஆகி நெய்யாற்றின்கரைக்கு வந்தாள். வந்து கொஞ்ச நாளில் அவள் வீட்டுக்கு ஒரு மெஷின் போயிற்று. ஆபீசில் ஒரு நாள்கூட உட்கார்ந்தவள் இல்லை. போன் பண்ணினால் எப்போதும் மாமியார்தான் எடுப்பார், மருமகள் குளிக்கிறாள் என்பார். அந்த வீட்டுத் தவறு திருத்தப்படாமலே ஒருநாள் ரயிலேறிப் போய், திருவனந்தபுரத்திலிருந்து பழி முழுக்க ஆபீஸ் பெண்பிள்ளைகள் தலையில் விழுந்தது. பஸ்ஸில் தொங்கிக்கொண்டு ஒற்றசேகரமங்கலத்திலிருந்தும் கோட்டுகாலிலிருந்தும் வருகிறவர்கள் அவர்கள். வருஷக்கணக்காக வீட்டில் மெஷின் கேட்டுக் கிடைக்காதவர்கள். அன்று மத்தியானம் எல்லாரும் ஹெட்போனைக் கழற்றி வைத்துவிட்டுச் சும்மா உட்கார்ந்தார்கள். கூச்சல் எதுவும் இல்லை. பெடல் சத்தம் நின்றதும் கீழே மருந்துக்கடைக்காரன் மேலே வந்து எட்டிப் பார்த்தான்.

முதலாளி இறங்கி வந்தார். ரூல்சைப் புதிதாக எழுதலாம், டீச்சரே எழுதட்டும் என்றார்.

டீச்சர் அதை எழுதின விதத்தை நான் பக்கத்தில் இருந்து பார்த்தேன். ஒரு வரி எழுதுவார். அதை வாசித்துக் காட்டி, இதற்கு என்ன அர்த்தம் என்று தனித்தனியாகக் கேட்பார். இரண்டு பேர் இரண்டு விதமாகச் சொன்னால் அந்த வரியை அடித்துவிடுவார். "மாலையில்" என்று எழுதினார். கோட்டுகால் பெண்ணுக்கு மாலை என்றால் வீட்டில் ஜெபமாலை சொல்லும் நேரம். இன்னொருத்திக்குப் பிள்ளைகள் பள்ளிக்கூடம் விட்டு வரும் நேரம். மாலை போயிற்று. "உடனடியாக" போயிற்று. "நியாயமான காரணம்" என்று எழுதினதை டீச்சரே வாசிக்கும்போதே அடித்தார். கடைசியில் என்னைக் கூப்பிட்டு நிறுத்தி வாசித்துக் காட்டுவார்.

"இவனுக்கு விளங்கினா பின்ன எல்லாவருக்கும் விளங்கும்," என்றாள் ஒருத்தி. எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். சில வரிகள் எனக்கு விளங்கவில்லை, அவையும் போயின.

தகுதி இப்படி ஆயிற்று: ஆபீசில் ஒரு வருஷம் வேலை செய்திருக்க வேண்டும். கடைசி மூன்று மாதத் தவறுகள் டீச்சர் சொன்ன அளவுக்குள் இருக்க வேண்டும். ஆபீஸ் போனிலிருந்து கூப்பிடக்கூடிய ஒரு நம்பர் வேண்டும். சொந்தப் போன்தான் என்றில்லை, பக்கத்து வீட்டுப் போனாக இருந்தாலும் போதும். இந்தக் கடைசி வரியை டீச்சர் அக்காளை நினைத்து எழுதினார் என்பது எல்லாருக்கும் தெரியும். யாரும் மறுக்கவில்லை. தகுதி உள்ளவர்கள் அதிகமாகவும் மெஷின் குறைவாகவும் இருந்தால், ஆபீசில் சேர்ந்த வரிசைப்படி.

கட்டாய நேரம் மத்தியானம் இரண்டு முதல் நான்கு வரை. டீச்சர் பிளாப்பிகளைப் பார்த்து முடிக்க மத்தியானம் ஆகும், நான்குக்குப் பிறகு திருத்தினால் ரயிலுக்கு எட்டாது. அந்த இரண்டு மணி நேரத்தில் போன் வந்தால் வேலை செய்கிறவரே எடுக்க வேண்டும், வேறு யார் எடுத்தாலும் எடுக்காததாகவே கணக்கு. மாமியாருக்காக எழுதினது அது. மற்ற நேரத்தில் எப்போது டைப் அடித்தாலும் கேள்வி இல்லை, விடிகாலையோ ராத்திரியோ. நான் காலையில் போகும்போது பிளாப்பி தயாராக இருக்க வேண்டும். கரண்ட் போனால் எப்போது போயிற்று என்று எழுதித் தந்தால் அந்த நேரம் கழிக்கப்படும். மாதத்தில் மூன்று தரம் கட்டாய நேரத்தில் போன் எடுக்காவிட்டால், அடுத்த மாதத்திலிருந்து ஆபீசுக்கு வந்து வேலை செய்ய வேண்டும்.

எல்லாவற்றுக்கும் கீழே ஒரு வரி. இந்த ரூல்ஸ் எல்லாருக்கும் ஒன்றுபோல, யாருக்கும் விலக்கு இல்லை. அந்த வரியைப் பெண்பிள்ளைகள் கேட்டு வாங்கினார்கள். அது இல்லாவிட்டால் மற்றதெல்லாம் வெறும் தாள் என்றார்கள். சரியாகத்தான் சொன்னார்கள்.

வாசித்துக் கையெழுத்துப் போடும் நாளில் அக்காளும் வந்திருந்தாள். பக்கத்து வீட்டு ஆளைப் புருஷனுக்குக் காவல் வைத்துவிட்டு, பஸ் பிடித்து வந்தாள். அவளுக்கு நம்பரும் கிடைத்திருந்தது. மண்பாதைக்கு மேற்கே, அவள் வீட்டு வாசலுக்கு நேரெதிரே ஒரு பலசரக்குக் கடை. கேரளத்துப் போன், லோக்கல் நம்பர். கடைக்காரர் கூப்பிட்டுத் தருவதாகச் சொல்லியிருந்தார். விலக்கு இல்லை என்ற வரி வந்தபோது அவள்தான் முதலில் தலையாட்டினாள்.

முதலாளியும் கையெழுத்துப் போட்டார். அண்ணன் மருமகளின் மெஷினை நானே போய் எடுத்து வந்தேன். அவள் மறுவாரம் முதல் ஆபீசுக்கு வந்து, ஜன்னலோரம் உட்கார்ந்து முதலிலிருந்து கற்றுக்கொண்டாள். ஒற்றசேகரமங்கலத்துப் பெண்ணுக்கு அவள் முறைப்படி மெஷின் கிடைத்தது. ஒரு தாள் சொன்னது சொன்னபடி நடந்ததை நான் வாழ்க்கையில் அப்போதுதான் பார்த்தேன்.

எங்கள் பக்கத்தில் மத்தியானம் சாப்பாட்டுக்குக் கடையை அடைத்துவிட்டு, ஒரு தூக்கம் போட்டு எழுந்து நான்கு மணிக்குத் திறப்பார்கள். பெரிய ஜவுளிக்கடையானாலும் சரி, பெட்டிக்கடையானாலும் சரி. இது எல்லாருக்கும் தெரிந்ததுதான், நாள்தோறும் பார்ப்பதுதான். அத்தனை பேர் உட்கார்ந்து அத்தனை வரிகளை அடித்துத் திருத்தியும், ஒருத்தருக்கும் அது தோன்றவில்லை. அக்காளுக்கே தோன்றவில்லை. முதல் போன் பூட்டின கடைக்குள் அடித்து ஓய்ந்தது. அவள் வீட்டில் இருந்தபடியே அந்த மணியைக் கேட்டாளாம். கணக்கில் அது ஒன்று.

கடைக்காரரிடம் நான் போய்ப் பேசினேன். நல்ல மனுஷன். சாவியைத் தருகிறேன், ஆனால் யாராவது பொறுப்பாக உட்கார வேண்டும், திறந்து போட்டுவிட்டு என்னால் தூங்க முடியாது என்றார். அக்காளால் இரண்டு மணி நேரம் போய் உட்கார முடியாது. நான் உட்கார்ந்தேன். என் சாப்பாட்டு நேரம் அது, சோற்றுப் பொதியைக் கொண்டு போய் அங்கேயே அரிசி மூட்டையில் சாய்ந்து தின்பேன். டீச்சரிடம் சொன்னேன், என்னைத் தேடினால் அந்த நம்பரிலேயே கூப்பிடுங்கள் என்று. போன் அடித்ததும் நான் எடுக்க மாட்டேன். வாசலுக்கு வந்து கூப்பிடுவேன். அவள் முந்தானையைச் செருகிக்கொண்டு பாதையைக் கடந்து ஓடி வருவாள். ஒரு மாநிலத்திலிருந்து இன்னொரு மாநிலத்துக்குப் போன் எடுக்க ஓடுகிறாள் என்று அவள் புருஷன் உள்ளேயிருந்து கேலி பண்ணுவார். சில நாள் அது நடந்தது.

பிறகு ஒருநாள் போன் அடித்தபோது அவள் அவரைப் புரட்டிக்கொண்டிருந்தாள். பாதியில் விட முடியாது, சரிந்து விழுந்துவிடுவார். மணி அடித்து ஓய்ந்தது. திரும்ப அடித்தது. நான் எடுத்து, அக்கா வருகிறாள் டீச்சர், ஒரு நிமிஷம் என்றேன். டீச்சர் போனைப் பிடித்துக்கொண்டிருந்தார். அக்கா ஓடி வந்து வாங்கினாள், காரியம் நடந்தது, பிளாப்பியும் ரயிலேறிற்று. ஆனாலும் எடுத்தது நான். அது இரண்டாவது.

மூன்றாவதும் அந்த மாதமே வந்தது. அவருக்கு வயிற்றுப்போக்கு. நான் வாசலில் நின்று கூப்பிட்டேன். உள்ளேயிருந்து அவள் குரல் வந்தது, கையெல்லாம் அழுக்கு தம்பி, வரமுடியாது என்று. நான் போனை எடுக்கவில்லை. எடுத்தாலும் எடுக்காவிட்டாலும் ஒன்றுதான். மூட்டைமேல் உட்கார்ந்து அது அடித்து முடிகிறவரை பார்த்துக்கொண்டிருந்தேன்.

அன்று சாயங்காலம் ரயிலுக்குப் பிளாப்பிப் பெட்டியைக் கொடுத்துவிட்டு வந்து டீச்சர் முன்னால் நின்றேன். பெண்பிள்ளைகள் போய்விட்டிருந்தார்கள். மூன்றாவது தரம் என்று எழுத வேண்டாம் டீச்சர் என்றேன். அக்கா அடித்த பிளாப்பி எல்லாம் நேரத்துக்குப் போயிருக்கிறதே, ஒரு நாள்கூடத் தவறவில்லையே.

"உட்காரு," என்றார். நான் நின்றேன்.

"எலே, அவளுக்கு ஒரு வாசல் திறந்தேன்னு வையி. நாளைக்கு அதே வாசல் வழியா முதலாளி அவருக்க ஆளைக் கூட்டிட்டு வருவாரு. அப்ப நான் என்ன சொல்லுவேன்?"

"அக்காளுக்க காரியம் வேறயில்லியா?"

"வேறதான். எல்லாவருக்க காரியமும் வேறதான். ஒவ்வொருத்தருக்கும் வேற வேறயா எழுதினா அது பழைய தாளாக்கும்."

நான் தனி நேரம் கொடுக்கலாமே என்றேன், ராத்திரியோ காலையோ. ரயில் மாறுமா என்று கேட்டார். போனை எடுக்கிற ஆளுடைய பெயரை முன்கூட்டியே எழுதித் தரலாம் என்று ஒரு வரி சேர்த்தால் என்ன என்றேன். அதை அவர் ஏற்கெனவே யோசித்திருந்தார். பெண்பிள்ளைகளிடம் கேட்டும் இருந்தார். அப்படியென்றால் மாமியார் பெயரையும் எழுதித் தரலாமே என்று ஜன்னலோரம் இருந்த மருமகள் கேட்டாளாம். கேட்டதில் தப்பு என்ன. மற்றவர்கள் தலையைக் குனிந்துகொண்டார்களாம். அக்காளைப் பிடிக்காதவர் ஒருவரும் அந்த ஆபீசில் இல்லை.

டீச்சர் பேனாவைத் திறந்து எழுதினார். எழுதி முடித்துக் கொஞ்ச நேரம் மூடாமல் வைத்திருந்தார். முன்னாலெல்லாம் ஒண்ணும் எழுதி வைக்காம இருந்ததில அவ பிழைச்சா, என்றார். என்னிடம் சொன்னதாகத் தெரியவில்லை.

மாதம் முடிந்ததும் மெஷினை எடுக்க நான்தான் ஆட்டோவோடு போனேன். வேறு ஆளை அனுப்பச் சொல்லியிருக்கலாம், அந்த வீட்டைத் தெரிந்த வேறு ஆள் இல்லை. அக்கா எல்லாவற்றையும் துடைத்து வைத்திருந்தாள். பெடலை ஒரு பழைய துண்டில் சுற்றி, வயர்களைச் சுருட்டி நூலால் கட்டியிருந்தாள். ஆபீசுக்கு வர வழியே இல்லையா என்று கேட்டேன், கேட்கிறதுக்காகக் கேட்டேன். காலையில் பஸ் ஏறினால் இரவு விளக்கு வைத்தபிறகு வருவேன், அதுவரைக்கும் இவரை யார் புரட்டுவார் என்றாள். அண்டி ஆபீஸ் என்கிற முந்திரி பாக்டரிக்காரர்கள் கொட்டையை வீட்டுக்கே கொண்டு தருவார்களாம், தோல் உரித்துக் கொடுத்தால் போதுமாம், அதற்குச் சொல்லி வைத்திருக்கிறாளாம்.

"ரூல்ஸ்ல தப்பு ஒண்ணும் இல்ல தம்பி," என்றாள். "நானும் கேட்டு ஒத்துக்கிட்டதாக்கும். மத்தவியளுக்கு நல்லா நடக்குதா?"

நடக்கிறது என்றேன். நடந்துகொண்டுதான் இருந்தது.

அவள் புருஷன் அன்றைக்குச் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தார். மானிட்டரைத் தூக்கிக்கொண்டு நான் வெளியே வரும்போது அவள் உள்ளே போய் அவரை இந்தப் பக்கமாகப் புரட்டினாள். கட்டிலுக்கு எதிரே மேஜை வெறுமையாக இருந்தது. அவர் அதைப் பார்த்துக்கொண்டு கிடந்தார்.

ஆட்டோவில் மானிட்டர் என் மடியில். பாறசாலை வந்து மாடியேற்றி வைத்தேன். வரிசைப்படி அது அடுத்து யாருக்கு என்று தாளில் இருந்தது. கோட்டுகால் பெண்ணுக்கு. நாளை அவள் வீட்டில் கொண்டு சேர்க்க வேண்டும் என்றார் டீச்சர். அவளும் நெடுநாள் காத்திருந்தவள்தான், கண்ணில் தண்ணீரோடு எனக்கு நன்றி சொன்னாள். முதலாளி மேலே வந்து, நம்முடைய ரூல்சைத் திருவனந்தபுரத்தில் கேட்டிருக்கிறார்கள், மற்ற ஆபீசுகளுக்கும் அதையே வைக்கப் போகிறார்களாம் என்று சொல்லிவிட்டுப் போனார். பெண்பிள்ளைகள் ஹெட்போனை மாட்டிக்கொண்டார்கள். பெடல் சத்தம் மறுபடியும் கேட்டது.

யார்மேலும் கோபப்பட முடியவில்லை. கோபப்பட ஓர் ஆள் கிடைத்திருந்தால் ஒருவேளை இருந்திருப்பேன், சண்டை போட்டிருப்பேன். சைக்கிள் சாவியை மேஜைமேல் வைத்தேன். டீச்சர் பார்த்தார்.

குன்னத்துகால் போய்ச் சேரும்போது மழை பிடித்துக்கொண்டது. பஸ் ஸ்டாப்பின் சிமெண்டு பெஞ்சில் படுத்தேன். காலையில் டீக்கடையில், பாறைக் குவாரியில் ஆள் எடுக்கிறார்கள் என்று பேசிக்கொண்டார்கள். போனேன். லாரிக்குக் கல் ஏற்றும் வேலை. மேஸ்திரி என் கையைத் திருப்பிப் பார்த்தார், வேறொன்றும் கேட்கவில்லை. வேலை எப்போது முடியும் என்று நான் கேட்டேன்.

"லோடு நிறையும்போ முடியும்," என்றார்.

எத்தனை லோடு என்று கேட்கவில்லை. பையை ஒரு மரத்தடியில் வைத்துவிட்டு, முதல் கல்லுக்குக் குனிந்தேன்.